"ஓட்டு வீணாப் போயிரும்ல?"

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் ராத்திரி மதுரைப் பக்கத்து வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி இது. கேட்கிறவர் கட்சி மாறியிருக்க மாட்டார். சட்டைப்பையில் தலைவர் படம் இருக்கும், வண்டியில் கட்சிக் கொடி இருக்கும். மறுநாள் காலை வாக்குச்சாவடிக்குள் போய் வேறொரு சின்னத்தில் விரல் வைத்துவிட்டு வருவார். மாலையில் டீக்கடையில் மறுபடி தன் கட்சிக்காகவே பேசுவார். இவரைத் துரோகி என்பது எளிது. காசு வாங்கிவிட்டார் என்பது அதைவிட எளிது. ஆனால் காசும் வாங்காமல், மனசும் மாறாமல் இப்படிச் செய்கிறவர்கள் கணிசமானவர்கள். அவர்கள் போடுகிற கணக்கைப் புரிந்துகொள்ள மதுரையைவிட நல்ல ஊர் கிடைக்காது. மூன்றாவது கட்சிகள் பிறந்ததும் வளர்ந்ததும் கரைந்ததும் இந்த மண்ணில்தான்.

அதில் பெரிய கதை தே.மு.தி.க.வுடையது. மதுரைக்காரரான விஜயகாந்த், 2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில்தான் கட்சியைத் தொடங்கினார். எட்டே மாதங்களில் வந்த 2006 சட்டமன்றத் தேர்தலில் கூட்டணி இல்லாமல் 232 தொகுதிகளில் நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். ஜெயித்தது விருத்தாசலம் ஒன்றுதான். அதே ஆண்டு அக்டோபரில் மதுரை மத்தியத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. தி.மு.க. சுலபமாக வென்றது. தே.மு.தி.க. மூன்றாவதாக வந்தது என்றாலும், இரண்டாமிடம் பிடித்த அ.தி.மு.க.வை மிகவும் நெருங்கி வந்தது. 2011-ல் அ.தி.மு.க. கூட்டணியில் அதே தொகுதியை தே.மு.தி.க.வின் ஆர்.சுந்தர்ராஜன் 76,063 வாக்குகள் பெற்று வென்றார். பக்கத்திலேயே திருப்பரங்குன்றமும் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது. மாநிலத்தில் 29 இடங்களுடன் விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார்.

ஐந்தே ஆண்டுகள்தான். 2016-ல் மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்து, தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் இல்லாத மூன்றாவது அணியாக நின்றபோது, மதுரை மத்தியில் தே.மு.தி.க.வுக்குக் கிடைத்தது 11,235 வாக்குகள். தி.மு.க.வின் பழனிவேல் தியாகராஜன் 64,662, அ.தி.மு.க.வின் ஜெயபால் 58,900. தே.மு.தி.க.வுக்கு டெபாசிட் போனது. டெபாசிட்டைக் காப்பாற்றப் பதிவான செல்லுபடி வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். மாநிலம் முழுக்க 104 இடங்களில் நின்ற கட்சி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. உளுந்தூர்பேட்டையில் விஜயகாந்தே மூன்றாமிடத்துக்குப் போய் டெபாசிட் இழந்தார்.

76,063-ஐயும் 11,235-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "அறுபத்தைந்தாயிரம் பேர் கைவிட்டுவிட்டார்கள்" என்று சொல்வது தப்பு. 2011-ன் எழுபத்தாறாயிரத்தில் பெரும்பகுதி இரட்டை இலைக்காரர்களின் ஓட்டு. முரசு சின்னத்தில் விழுந்தாலும் முரசுக்காக விழுந்தது அல்ல. இரண்டு பெரிய கட்சிகளின் துணையும் இல்லாமல் நின்ற தேர்தலை அப்படியே நின்ற இன்னொரு தேர்தலோடுதான் ஒப்பிட வேண்டும். 2006 இடைத்தேர்தலில் இரண்டாமிடத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்த கட்சி, 2016-ல் இரண்டாமவர் வாங்கியதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. சரிவு இந்த அளவுதான், இதுவே பெரிய சரிவு.

கட்சிக்குள்ளும் காரணங்கள் இருந்தன. மதுரை மத்தியின் அதே சுந்தர்ராஜன் 2012-லேயே முதல்வர் ஜெயலலிதாவைச் சந்தித்து அதிருப்தியாளர் ஆகிவிட்டார். அடுத்தடுத்துப் பலர் அதே வழியில் போனார்கள். விஜயகாந்தின் உடல்நிலையும் பேச்சும் பழையபடி இல்லை. ஆனாலும் இன்னொரு காரணம் இருந்தது. 2016-ல் தி.மு.க. அணிக்கும் அ.தி.மு.க.வுக்கும் மாநில அளவில் இருந்த வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம். மதுரை மத்தியில் 5,762 வாக்குகள். முதல் இருவர் இப்படிக் கழுத்தோடு கழுத்தாக ஓடும்போது, மூன்றாமவரின் ஆதரவாளருக்குத் தன் ஓட்டு வேறொன்றைத் தீர்மானிக்கலாம் என்ற எண்ணம் வருகிறது.

ஆயிரம் ஓட்டில் பதினோரு ஓட்டு

ஒரு வாக்குச்சாவடியில் ஆயிரம் பேர் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்சிக்கு 430, இரண்டாவதுக்கு 420, மூன்றாவதுக்கு 150. மூன்றாவது கட்சியின் 150 பேரும் கொள்கைப்பிடிப்போடு நின்றால் 430 ஜெயிக்கிறது. அவர்களில் பலருக்கு முதல் கட்சி என்றாலே ஆகாது. இரண்டாவது கட்சியும் பிடிக்காது, ஆனால் பொறுத்துக்கொள்ளலாம். பதினோரு பேர் மட்டும் அங்கே நகர்ந்தால் போதும், முடிவு தலைகீழாகிவிடும். 150 என்பது 139 ஆவதால் மூன்றாவது கட்சிக்குப் பெரிய நஷ்டமும் இல்லை. எப்படியும் தோற்கத்தான் போகிறது.

இதைத்தான் வியூக வாக்களிப்பு என்கிறார்கள். இதற்கு மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கூடிவர வேண்டும். தன் கட்சி மூன்றாமிடத்தில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் இருவருக்கும் இடையே போட்டி நெருக்கம் என்று நம்ப வேண்டும். அந்த இருவரில் ஒருவர் மேல் மற்றவரைவிட வெறுப்போ பயமோ கூடுதலாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அவர் தன் சின்னத்திலேயே அழுத்திவிட்டு வருவார்.

முதல் நிபந்தனைதான் நடைமுறையில் கஷ்டமானது. நம் கட்சி மூன்றாவது என்று யார் சொல்வது? தலைவர் சொல்ல மாட்டார். கூட்டத்தை வைத்தும் சொல்ல முடியாது. மதுரையில் கூட்டம் கூடாத தலைவர் கிடையாது. வாக்குப்பதிவு முடியும்வரை எக்ஸிட் போல் வெளியிடத் தடை. தொகுதி அளவிலான நம்பகமான கணிப்பு என்று எதுவும் சாதாரண வாக்காளர் கைக்கு வருவதில்லை. அதனால் அவர் வேறு அடையாளங்களைப் பார்க்கிறார். பூத் சிலிப் கொண்டுவந்தது எந்தக் கட்சி ஆள், வேட்பாளர் தெருவுக்கு எத்தனை தடவை வந்தார், கடைசி நாலு நாளில் யாருடைய வண்டி ஓடவே இல்லை என்று கவனிக்கிறார். வாக்குச்சாவடியிலிருந்து 200 மீட்டர் தள்ளிக் கட்சிக்காரர்கள் மேசை போட்டிருப்பார்கள். அங்கே தன் கட்சி மேசை காலியாக இருப்பதையோ, மேசையே இல்லாததையோ பார்த்துக்கொண்டே உள்ளே போகிறவரின் மனசு எந்தக் கணிப்பையும்விட வேகமாக மாறும். பூத் ஏஜெண்ட் போட ஆள் இல்லாத கட்சிகள் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேலை செய்ய ஆள் இல்லை என்பதோடு, 'நாங்கள் போட்டியில் இல்லை' என்ற அறிவிப்பையும் அந்தக் காலி மேசை சேர்த்துத் தந்துவிடுகிறது.

பெரிய கட்சிகளுக்கு இது நன்றாகவே தெரியும். "ஓட்டைப் பிரிக்காதீங்க", "அவங்களுக்குப் போட்டா இவங்களுக்குப் போட்ட மாதிரி" என்ற பேச்சுகளெல்லாம் கொள்கைப் பிரசாரத்தில் சேராது. அவை முதல் நிபந்தனையை வாக்காளர் மனதில் உண்டாக்கும் வேலை. ஒரு கட்சி மூன்றாமிடம் என்று போதுமான பேர் நம்பிவிட்டால் அது மூன்றாமிடத்துக்கே போய்விடும்.

ஒரே ஒரு ஓட்டால் தேர்தல் முடிவு மாறாதே, பிறகு ஏன் இந்தக் கணக்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே யாரும் ஒற்றை ஆளாக யோசிப்பதில்லை. "நம்ம தெரு ஓட்டு", "நம்ம வகையறா ஓட்டு" என்றுதான் பேச்சு. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று நாலு வீடு சேர்ந்து பேசி முடிவெடுக்கும்போது, நகர்வது ஒரு ஓட்டாக இருக்காது. முப்பது நாற்பது ஓட்டாக இருக்கும்.

உசிலம்பட்டியில் ஏன் நடக்கவில்லை?

வாக்கு ரகசியம். யார் எதற்காகப் போட்டார் என்று நேரடியாகக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் முடிவுகளிலிருந்து ஊகிக்க ஒரு எளிய அளவுகோல் உண்டு. அமெரிக்க அரசியல் அறிஞர் கேரி காக்ஸ் 1997-ல் வெளியிட்ட புத்தகத்தில் அதைத் தந்தார். மூன்றாமவர் வாங்கிய வாக்கை இரண்டாமவர் வாங்கிய வாக்கால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாமவரின் ஆதரவாளர்கள் அவரைக் கைவிட்டிருந்தால் விடை பூஜ்யத்தின் பக்கம் வரும். யார் இரண்டு, யார் மூன்று என்று தெரியாமல் எல்லோரும் தத்தம் கட்சியிலேயே நின்றிருந்தால் ஒன்றின் பக்கம் வரும்.

மதுரை மத்தி 2016-க்குப் போட்டுப் பார்த்தால் 11,235-ஐ 58,900-ஆல் வகுக்க 0.19. ஓரளவு கைவிடப்பட்டதன் அடையாளம். இப்போது மேற்கே நாற்பது கிலோமீட்டர் போய் 2021-ன் உசிலம்பட்டியைப் பார்ப்போம். அ.தி.மு.க.வின் அய்யப்பன் 71,255 வாக்குகளுடன் ஜெயித்தார். தி.மு.க. கூட்டணியில் பார்வர்டு பிளாக்கின் பி.வி.கதிரவன் 63,778. அ.ம.மு.க.வின் இ.மகேந்திரன் 55,491. வகுத்தால் 0.87.

மகேந்திரனை யாருமே கைவிடவில்லை. கைவிட வேண்டிய அவசியம் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் காரணம். கதிரவனும் மகேந்திரனும் இதே தொகுதியின் முன்னாள் எம்.எல்.ஏ.க்கள். மூவரும் ஊர் ஊராக முகம் தெரிந்தவர்கள். மூவருக்கும் பூத்தில் ஆள் இருந்தது, மேசை இருந்தது. அ.ம.மு.க. மாநிலத்தில் பலவீனமான கட்சி, அந்தத் தேர்தலில் ஓர் இடமும் வெல்லாத கட்சி. ஆனால் உசிலம்பட்டி வாக்காளர் மாநிலத்தைப் பார்த்து ஓட்டுப் போடவில்லை. தன் கிராமத்தில் யார் கொடி பறக்கிறது என்று பார்த்தார். 7,477 வாக்கு வித்தியாசத்தில் தோற்ற கதிரவன் தரப்பு, மகேந்திரன் ஆதரவாளர்கள் கொஞ்சம் நகர்ந்திருந்தால் என்று நினைக்கலாம். மகேந்திரன் தரப்பும் கதிரவன் ஆதரவாளர்களைப் பற்றி அதையே நினைக்கலாம். இரண்டு பேருக்கும் சம உரிமை உள்ள மனக்குறை அது.

தெரிந்தும் நகராதவர்கள்

தன் கட்சி மூன்றாவது என்று தெளிவாகத் தெரிந்தும், போட்டி கடும் நெருக்கம் என்று தெரிந்தும், நகராமல் நின்றவர்களும் உண்டு. 2019 மே 19 அன்று நடந்த திருப்பரங்குன்றம் இடைத்தேர்தல் அதற்குச் சாட்சி. தி.மு.க.வின் டாக்டர் பா.சரவணன் 85,434. அ.தி.மு.க.வின் முனியாண்டி 83,038. வித்தியாசம் 2,396 வாக்குகள். மூன்றாவதாக வந்த அ.ம.மு.க. வாங்கியது 31,199. வித்தியாசத்தைப்போல் பதின்மூன்று மடங்கு. வேட்பாளர், இரண்டாண்டு கழித்து உசிலம்பட்டியில் நின்ற அதே மகேந்திரன்.

அ.ம.மு.க.வுக்கு ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் தலைமுறையாக இரட்டை இலைக்குப் போட்டவர்கள். கொள்கைப் பொருத்தம் என்று பார்த்தால் அவர்களின் இரண்டாவது தேர்வு அ.தி.மு.க.வாகத்தான் இருந்திருக்க வேண்டும். பன்னிரண்டு பேரில் ஒருவர் திரும்பியிருந்தாலே முனியாண்டி ஜெயித்திருப்பார். திரும்பவில்லை. ஏனென்றால் அந்த ஆண்டு அவர்களுக்கு இருந்த கோபமே அ.தி.மு.க. மேல்தான். நெருங்கிய வீட்டுச் சண்டையில் பங்காளி மேல் வரும் கோபம் அடுத்த தெருக்காரன் மேல் வருவதில்லை. யாருடைய கொள்கை நமக்குப் பக்கம் என்று வெளியிலிருந்து கோடு போட்டு, அதுதான் இரண்டாவது தேர்வு என்று சொல்லிவிட முடியாது என்பதை நான் இந்தத் தேர்தலிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

இன்னொரு கணக்கும் அதில் இருந்திருக்கும். இந்தத் தடவை தோற்கடித்தால்தான் அடுத்த தடவை நம்மைக் கூப்பிட்டுப் பேசுவார்கள் என்ற கணக்கு. ஒரு தேர்தலை மட்டும் பார்க்கிறவருக்கு அது வீண் ஓட்டு. மூன்று தேர்தலைச் சேர்த்துப் பார்க்கிறவருக்கு அது பேரம் பேசுவதற்கான கையிருப்பு.

இப்படிப்பட்ட ஆட்டங்களில் வியூக வாக்கு எது, மற்றது எது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 89 சதவீத வாக்குப்பதிவு. தி.மு.க.வின் லதா அதியமான் 39,266 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2006-ல் அங்கே நன்றாக வாங்கிய தே.மு.தி.க. 13,136-க்கு இறங்கியது. மூன்றாமவர் கரைந்திருக்கிறார், சரிதான். ஆனால் இதை வியூக வாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். முதல் இருவருக்கும் இடையே நெருக்கமான போட்டியே இல்லை, இரண்டாவது நிபந்தனை அங்கேயே அடிபட்டுப் போகிறது. 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல் தமிழ்நாட்டு அரசியல் அகராதிக்குள் நுழைந்த தேர்தல் அது. ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்த அந்த அலைக்கு எது காரணம் என்று ஊரே பேசியது.

ஆகவே சோதனை இதுதான்: பலவீனமான கட்சி எங்கே அதிகமாக இறங்கியிருக்கிறது? போட்டி நெருக்கமான தொகுதிகளில் அதிகமாகவும், ஒருபக்கமாகச் சாய்ந்த தொகுதிகளில் குறைவாகவும் இறங்கியிருந்தால் வியூக வாக்கு என்று சந்தேகிக்கலாம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறங்கியிருந்தால், மனசே மாறிவிட்டது என்று அர்த்தம். தேர்தல் ஆணையம் வெளியிடும் படிவம் 20-ல் வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய எண்ணிக்கை இருக்கிறது. பொறுமை உள்ள யாரும் தன் ஊரின் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கலாம்.

நம் மாநிலத்தில் இந்தக் கணக்கில் பெரும்பகுதியைக் கட்சித் தலைமைகளே வாக்காளருக்காக முன்கூட்டிப் போட்டுவிடுகின்றன. அதற்குப் பெயர் கூட்டணி. மதுரை நாடாளுமன்றத் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் பயணத்தைப் பாருங்கள். 2009-ல் அ.தி.மு.க. அணியில் பொ.மோகன் தோற்றபோதும் 2,90,310 வாக்குகள். 2014-ல் கட்சி தனித்து நின்றபோது பா.விக்ரமனுக்கு 30,108. 2019-ல் தி.மு.க. அணியில் சு.வெங்கடேசன் 4,47,075 பெற்று வென்றார். இடையில் கட்சி பத்து மடங்கு இளைத்துப் பிறகு பதினைந்து மடங்கு பெருத்துவிடவில்லை. மேலே கையெழுத்தானால் கீழே தொண்டர் இரண்டாவது தேர்வைத் தேட வேண்டியதில்லை, தன் சின்னத்திலேயே குத்தலாம். கையெழுத்தாகாத ஆண்டில்தான் தொண்டர் தனியாக நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக 2024. மதுரையில் சு.வெங்கடேசன் 4,30,323. பா.ஜ.க.வின் இராம.சீனிவாசன் 2,20,914. அ.தி.மு.க.வின் பா.சரவணன் 2,04,804. ஆம், 2019-ல் உதயசூரியனில் திருப்பரங்குன்றத்தை வென்ற அதே டாக்டர். மூன்றாமவரை இரண்டாமவரால் வகுத்தால் 0.93. உசிலம்பட்டியைவிடக் கூடுதல். யார் இரண்டாவது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை, யாரும் யாரையும் கைவிடவில்லை.

முடிவு வந்த அன்றிலிருந்து "ரெண்டு பேரும் சேர்ந்திருந்தா" என்ற பேச்சு ஓடியது. கூட்டிப் பார்ப்போம்: 4,25,718. வெங்கடேசனைவிட 4,605 குறைவு. சேர்ந்திருந்தாலும் தோல்விதான். இந்தக் கூட்டலே இரண்டு வாக்கு வங்கியும் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஒன்றாகும் என்ற நினைப்பில் போடுவது. அ.தி.மு.க.வுக்குப் போட்டவர்களில் தி.மு.க. பிடிக்காமல் போட்டவர்களும் உண்டு, பா.ஜ.க. அணியில் இல்லை என்பதற்காகவே போட்டவர்களும் உண்டு. இரண்டாவது வகையினரின் அடுத்த தேர்வு எது என்று வாக்கு எண்ணும் மேசை சொல்லாது.

அதே தேர்தலில் நாம் தமிழர் கட்சியின் சத்யாதேவி 92,879 வாக்குகள் வாங்கினார். 2019-ல் அந்தக் கட்சி மதுரையில் பெற்றது 42,901. ஜெயிக்கப் போவதில்லை, டெபாசிட்டும் கிடைக்காது என்று தெரிந்தே போட்டவர்கள் இவர்கள். முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இரண்டு லட்சத்துக்கு மேல் இடைவெளி இருந்த தொகுதியில் இரண்டாவது தேர்வுக்கு நகர்ந்து எதையும் மாற்றவும் முடியாது. ஆனால் தேர்தல் ஆணைய விதிப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வாக்குகளில் 8 சதவீதம் பெற்றால், ஓர் இடம்கூட வெல்லாத கட்சிக்கும் அங்கீகாரம் உண்டு. நாம் தமிழர் அந்தக் கோட்டைத் தாண்டி மாநிலக் கட்சி ஆனது. தொகுதியில் எதற்கும் உதவாத அந்த 92,879 ஓட்டும் மாநிலக் கூட்டுத்தொகையில் ஒன்று விடாமல் எண்ணப்பட்டிருந்தது.